தீர்மானம் இல்லாத கூட்டமும் தீர்மானப் புத்தகமும்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் அலமாரியில் நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருக்கிறது. அட்டையில் பெரிய எழுத்தில் 'தீர்மானப் புத்தகம்' என்று எழுதியிருக்கும். கோயில் கமிட்டி, மகளிர் குழு, ஊர்ச் சங்கம் என்று எங்கே போனாலும் இந்த நோட்டுக்குப் பெரும்பாலும் இதுதான் பெயர். மினிட்ஸ் புத்தகம் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனாலும் மனத்தில் பதிந்திருக்கிற எண்ணம் ஒன்றுதான்: கூட்டம் என்றால் தீர்மானம் போட வேண்டும், அதை இந்த நோட்டில் எழுத வேண்டும்.

அப்படியானால் தீர்மானமே போடாத கூட்டத்துக்கு என்ன எழுதுவது? நான் செயலாளரான புதிதில் இந்தக் கேள்வியோடு பல இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன். மாதம் ஒருமுறை நிர்வாகக் குழு கூடியே ஆகவேண்டும் என்பது எங்கள் விதி. ஆனால் மாதாமாதம் முடிவெடுக்க விஷயம் இருக்காது. பொருளாளர் கணக்கு வாசிப்பார். துணைச் செயலாளர் லிப்ட், மோட்டார், தண்ணீர் பற்றிச் சொல்வார். நாலு பேர் கேள்வி கேட்பார்கள். டீ வரும். கூட்டம் முடிந்துவிடும். அன்றிரவு நோட்டைத் திறந்தால் எழுத ஒன்றுமே இல்லாததுபோலத் தோன்றும்.

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்துக்கு நான் எழுதியது இதுதான்:

"பொருளாளர் பிப்ரவரி மாதக் கணக்கை வாசித்தார். கணக்கு ஏற்கப்பட்டது. லிப்ட் பற்றியும் தண்ணீர் பற்றியும் விரிவாக விவாதிக்கப்பட்டது. தீர்மானம் ஏதும் இல்லை. கூட்டம் இனிதே முடிந்தது."

ஐந்து சிறிய வாக்கியங்கள். பக்கத்தின் பெரும்பகுதி வெறுமையாக இருந்ததால்தான் 'விரிவாக' என்ற சொல்லைச் சேர்த்தேன். 'இனிதே' என்பதும் அதற்காகத்தான்.

ஜூன் 14 அன்று சோதனைக்கு வந்த பொறியாளர், இரண்டாம் லிப்டின் ரோப்பில் கம்பி இழைகள் அறுந்திருப்பதைப் பார்த்து, அந்த இடத்திலேயே லிப்டை நிறுத்திவிட்டார். புது ரோப் போட்டு அது மறுபடி ஓட 11 நாள் ஆனது. அந்தப் பக்கத்து மாடிகளில் முழங்கால் வலியோடு இருக்கும் பெரியவர்கள் பலர். ஜூலை 20 பொதுக்குழுவில் அவர்களுடைய பிள்ளைகள் எழுந்து நின்று கேட்டது ஒரே கேள்வி: "ரோப் தேய்ஞ்சிருக்குன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

மார்ச்சிலேயே தெரியும் என்றார் தலைவர். பொறியாளர் சொன்னதைக் குழுவில் பேசினோம், கொட்டேஷன் கேட்டிருந்தோம் என்றார். காட்டச் சொன்னார்கள். நான் நோட்டைப் புரட்டினேன். 'லிப்ட் பற்றியும் தண்ணீர் பற்றியும் விரிவாக விவாதிக்கப்பட்டது.' அதைச் சபையில் வாசித்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாங்கள் சொன்னது உண்மை என்று காட்டவும் முடியவில்லை. பொய் என்று அவர்கள் காட்டவும் முடியவில்லை.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், பல கம்பெனிகளில் கம்பெனி செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். பொதுக்குழு முடிந்த அடுத்த நாள் சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மார்ச் பக்கத்தைத் திருத்தி எழுதலாமா என்றுதான் முதலில் கேட்டேன்.

"அந்தப் பக்கத்தைத் தொடவே தொடாதீங்கம்மா" என்றார். "தலைவர் கையெழுத்து விழுந்தாச்சு. இனிமே அதுல ஒரு புள்ளி வெச்சாலும் இத்தனை நாள் எழுதினது எல்லாத்து மேலயும் சந்தேகம் வந்துடும். அன்னிக்கு நீங்க குறிச்சு வெச்ச துண்டுச் சீட்டு ஏதாவது இருக்கா?"

இருந்தது. கூட்டங்களில் குறித்துக்கொள்ள ஒரு சின்ன டைரி வைத்திருக்கிறேன். அதில் மார்ச் 9 தேதியில் அரைகுறைச் சொற்களாக ஒரு பக்கம் நிரம்பியிருந்தது. "இவ்வளவு இருக்கே, இதையா ஒண்ணும் நடக்கலைன்னு எழுதினீங்க?" என்று கேட்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அந்தக் கூட்டத்துக்கு எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று பயிற்சியாக எழுதிப் பார்க்கச் சொன்னார். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன்.

கூட்டக் குறிப்பு பற்றி உலகம் முழுவதும் புழங்கும் ஒரு விதி உண்டு: பேசியதை எழுதாதே, செய்ததை எழுது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1876-ல் கூட்ட விதிகளைத் தொகுத்து வெளியிட்ட கையேட்டிலிருந்து இந்த மரபு பரவியது. நல்ல விதிதான். அது இல்லாவிட்டால் யார் யாரைத் திட்டினார் என்பதெல்லாம் நோட்டில் ஏறிவிடும். ஆனால் என்னைப்போன்றவர்கள் அதைத் தவறாகப் பிடித்துக்கொள்கிறோம். 'செய்தது' என்றால் தீர்மானம் போட்டது மட்டும்தான் என்று நினைக்கிறோம். தீர்மானம் இல்லையென்றால் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடுகிறது.

பெரியவர் அதை வேறு விதமாக விளக்கினார். தகவல் மட்டும் வைக்கப்பட்ட கூட்டத்திலும் சில காரியங்கள் நடந்தே இருக்கின்றன. ஒருவர் ஓர் அறிக்கையைக் குழுவின் முன் வைத்தார். அது ஒரு செயல். மற்றவர்கள் கேள்வி கேட்டு அவர் பதில் சொன்னார். அந்தப் பதிலுக்கு அவர் பொறுப்பு. இல்லாத தகவலை அடுத்த முறை கொண்டுவருகிறேன் என்று ஒருவர் வாக்குக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நாள் முதல் குழுவுக்கு ஒரு விஷயம் தெரியும். இந்தக் கடைசிச் செயலைத்தான் யாரும் செயலாகவே எண்ணுவதில்லை. 'எப்போது தெரியும்' என்று பொதுக்குழுவில் கேட்டார்களே, அந்தக் கேள்விக்கு விடை இருக்க வேண்டிய ஒரே இடம் தகவல் கூட்டத்தின் குறிப்புதான்.

உள்ளாட்சி மன்றங்களின் பொருள் நிரலில் சில பொருள்கள் 'மன்றத்தின் பார்வைக்கு' என்று முடியும். கம்பெனி போர்டுகளிலும் இப்படிப் பார்வைக்கு மட்டும் வைக்கும் பொருள்கள் நிறைய உண்டு. அவற்றை யாரும் வெற்றுப் பொருள் என்று சொல்வதில்லை. பார்வைக்கு வைத்தார்கள், உறுப்பினர்கள் பார்த்தார்கள் என்பதே அங்கே பதிவு.

லிப்டையே முதலில் எடுத்துக்கொண்டோம். டைரியில் இருந்தது இவ்வளவுதான்: 'லிப்ட் 2 ரோப் தேய்மானம், 22/2 சர்வீஸ் ரிப்போர்ட், 3 மாசத்துல மாத்தணும், அதுவரை ஓட்டலாமா - ஓட்டலாம்னு சொன்னார், கொட்டேஷன் வரலை - து.செ. அடுத்த மீட்டிங்.' இதை வைத்து நான் எழுத, அவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு கேள்வி கேட்டார்.

முதல் வாக்கியமாக, 'இரண்டாம் லிப்டின் ரோப் தேய்ந்திருப்பதாகத் துணைச் செயலாளர் தெரிவித்தார்' என்று எழுதினேன். "அவருக்கு எப்படித் தெரியும்? ஏறிப் பார்த்தாரா?" என்றார். இல்லை, பொறியாளரின் அறிக்கை இருந்தது. அப்படியானால் தகவலின் மூலம் அந்த அறிக்கை. கொண்டுவந்து வைத்தவர்தான் துணைச் செயலாளர். அறிக்கையின் தேதி, யார் கொடுத்தது, எந்தச் சோதனைக்குப் பிறகு என்பதை எழுதிவிட்டால், பத்து வருஷம் கழித்து நோட்டைப் படிப்பவரும் அந்தத் தாளைத் தேடி எடுக்க முடியும். தாளையும் இணைப்பு என்று எண் போட்டுக் கோப்பில் வைக்க வேண்டும்.

அடுத்த வாக்கியத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'அதுவரை லிப்டை இயக்கலாம் என்று பொறியாளர் கூறியுள்ளார்' என்று எழுதியிருந்தேன். "அறிக்கையில் எழுதியிருக்கா?" என்றார். கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்தோம். அறிக்கையில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. பொறியாளர் போகிறபோக்கில் வாயால் சொன்னதைத் துணைச் செயலாளர் கூட்டத்தில் சொன்னார். அதை நம்பி ஒன்பது மாடிக் கட்டடத்தில் மூன்று மாதத்துக்கும் மேலாக லிப்ட் ஓடியிருக்கிறது. மார்ச் 9 இரவே நான் இந்த வாக்கியத்தை ஒழுங்காக எழுத முயன்றிருந்தால், 'வாய்மொழியாக' என்ற சொல்லைப் போட வேண்டி வந்திருக்கும். அந்தச் சொல்லை எழுதியதும், எழுத்தில் வாங்கிவிடுங்கள் என்று மறுநாளே துணைச் செயலாளரிடம் சொல்லியிருப்பேன்.

கடைசியில் தாளில் வந்து நின்றது இது:

"பொருள் 3 (தகவலுக்காக): இரண்டாம் லிப்டின் ரோப். லிப்ட் பராமரிப்பு நிறுவனத்தின் பொறியாளர் 22.02.2025 அன்று செய்த சோதனையின் அறிக்கையை (இணைப்பு 2) துணைச் செயலாளர் குழுவின் முன் வைத்தார். ரோப்பில் தேய்மானம் காணப்படுவதாகவும் மூன்று மாதங்களுக்குள் மாற்ற வேண்டும் என்றும் அறிக்கையில் கூறப்பட்டுள்ளது. அதுவரை லிப்டை இயக்கலாமா என்று உறுப்பினர் ஒருவர் கேட்டதற்கு, இயக்கலாம் எனப் பொறியாளர் வாய்மொழியாகக் கூறியதாகத் துணைச் செயலாளர் தெரிவித்தார். மாற்றும் செலவுக்கான கொட்டேஷன் இன்னும் வரவில்லை என்றும், அதைப் பெற்று அடுத்த கூட்டத்தில் வைப்பதாகவும் கூறினார். குழு இதைக் குறித்துக்கொண்டது. ரோப்பை மாற்றுவது குறித்து இந்தக் கூட்டத்தில் முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை."

இதில் அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை. 'விரிவாக' இல்லை, 'நீண்ட விவாதத்துக்குப் பின்' இல்லை. ஆனால் வெறுமையாக இருக்கிறதா? பக்கம் வெறுமையாகத் தெரிந்தது சொல் குறைவாக இருந்ததால் என்று நினைத்துத்தான் அன்று சொற்களைச் சேர்த்தேன். குறைவாக இருந்தது தேதியும் மூலமும் கேள்வியும் பாக்கி வேலையும்தான்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குக் கூச்சமாக இருந்தது. முடிவு எடுக்கவில்லை என்று நாமே எழுதி வைப்பது நம்மைக் காட்டிக்கொடுக்காதா என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. மார்ச் குறிப்பு இப்படி இருந்திருந்தால், மே 22-ஆம் தேதியோடு மூன்று மாதம் முடிந்தும் நாங்கள் ரோப்பை மாற்றவில்லை என்பது பொதுக்குழுவுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அதற்கு முன்பே ஏப்ரலில் எங்களுக்கும் தெரிந்திருக்கும். அடுத்த கூட்டம் தொடங்கும்போது முந்தைய குறிப்பைத்தான் முதலில் வாசிக்கிறோம். 'கொட்டேஷனை அடுத்த கூட்டத்தில் வைப்பதாகக் கூறினார்' என்று வாசித்தபின், அது எங்கே என்று கேட்காமல் யாரும் அடுத்த பொருளுக்குப் போக மாட்டார்கள். 'விரிவாக விவாதிக்கப்பட்டது' என்று வாசித்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் போய்விட்டோம்.

கணக்கு விஷயத்தில் நான் செய்த தவறு வேறு மாதிரி. அங்கே குறைவாக எழுதவில்லை; கூட்டி எழுதிவிட்டேன். 'கணக்கு ஏற்கப்பட்டது' என்ற இரண்டு சொல்தான். எழுத ஒன்றுமில்லையே என்ற தவிப்பில், தகவலுக்கு ஒரு தீர்மானச் சட்டையை மாட்டிவிட்டேன். யாரும் ஏற்கச் சொல்லி முன்மொழியவில்லை. யாரும் கை தூக்கவில்லை. பொருளாளர் வாசித்தார், நாங்கள் கேட்டோம், அவ்வளவுதான். மாதாந்தரக் கணக்கு தணிக்கை ஆகாத கணக்கு. அதை 'ஏற்கப்பட்டது' என்று எழுதினால், அதிலுள்ள ஒவ்வொரு எண்ணும் சரி என்று குழுவே பொறுப்பேற்றதாகப் படிக்க இடமுண்டு. பிறகு தணிக்கையில் தவறு தெரிந்தால், குழுதானே ஏற்றது என்று ஒரு பேச்சு வரும். ராபர்ட் வகுத்த மரபிலும் பொருளாளரின் இடைக்கால அறிக்கையை ஏற்பதற்கு வாக்கெடுப்பு இல்லை. அது கோப்பில் வைக்கப்படும், தணிக்கையாளரின் அறிக்கைதான் வாக்கெடுத்து ஏற்கப்படும்.

அதனால் வினைச்சொல்லை எண்ணிப் போட வேண்டும். 'குழுவின் முன் வைக்கப்பட்டது', 'குழு கேட்டறிந்தது', 'குறித்துக்கொண்டது' என்பவை தகவலுக்கு உரியவை. அவற்றால் குழு எதற்கும் உடன்பட்டதாக ஆகாது. தெரிந்துகொண்டது என்று மட்டும் ஆகும். 'ஏற்றது', 'அங்கீகரித்தது', 'ஒப்புதல் அளித்தது' என்பவை முடிவுக்கு உரியவை. முடிவு எடுத்திருந்தால் மட்டுமே அவை வர வேண்டும். நம் பேச்சுவழக்கில் இந்த இரண்டு வகையும் கலந்தே கிடப்பதால், கை தானாக 'ஏற்கப்பட்டது' என்று எழுதிவிடும். இப்போதெல்லாம் அந்தச் சொல் வரும்போது பேனாவை நிறுத்தி, யார் முன்மொழிந்தார்கள் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பெயர் நினைவுக்கு வராவிட்டால் அடித்துவிடுகிறேன்.

கணக்குப் பொருளைத் திருத்தி எழுதியபோது இன்னொன்றும் புரிந்தது. கணக்குத் தாள் முழுவதையும் நோட்டில் நகலெடுக்கத் தேவையில்லை. அது இணைப்பில் இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள். மாதப் பராமரிப்புக் கட்டணம் வீட்டுக்கு 3,500 ரூபாய். பிப்ரவரியில் 44 வீடுகள் கட்டியிருந்தன. ஆரம்ப இருப்பு 4,12,600, வரவு 1,54,000, செலவு 1,71,300, இறுதி இருப்பு 3,95,300. இந்த நான்கு எண்களும் நிலுவை 14,000 ரூபாய் என்பதும் போதும். அதற்குமேல் நோட்டில் வர வேண்டியது, போன மாதத்திலிருந்து எது மாறியது என்பதுதான். பிப்ரவரியில் வரவைவிடச் செலவு கூடியிருந்தது. ஏன் என்று ஒருவர் கேட்டார். ஜனவரியில் 4 லாரித் தண்ணீர் வாங்கியிருக்க, பிப்ரவரியில் 11 லாரி வாங்க வேண்டி வந்தது. லாரிக்கு 1,800 வீதம் கூடுதலாக 12,600 ரூபாய் என்று பொருளாளர் சொன்னார். அந்தக் கேள்வியும் பதிலும்தான் அன்றைய கணக்கின் உயிர். நானோ 'தண்ணீர் பற்றியும் விவாதிக்கப்பட்டது' என்று அதைத் தனியே பிய்த்துப் போட்டிருந்தேன்.

கேட்டவர் பெயரை எழுத வேண்டுமா என்று கேட்டேன். தன் பெயரைப் பதியச் சொல்லி அவரே கேட்டாலொழிய வேண்டாம் என்றார். கேள்வி கேட்டவர் பெயரைப் போட ஆரம்பித்தால் ஒன்று, கேள்விகள் குறைந்துவிடும். அல்லது பெயர் வருவதற்காகவே கேள்விகள் பெருகும். இரண்டும் நடக்கக்கூடியதுதான். ஆனால் பதில் சொன்னவர் யார் என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். அந்த எண்ணுக்கோ வாக்குறுதிக்கோ பின்னால் நிற்பவர் அவர்தான். கட்டணம் கட்டாத நான்கு வீடுகளின் எண்களை நான் நோட்டில் எழுதுவதில்லை. நோட்டு எல்லார் கைக்கும் போகும். அந்தப் பட்டியல் இணைப்பாகக் கோப்பில் இருந்தால் போதும் என்பது என் கருத்து. வேறு சங்கங்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

அன்று வைத்த நான்காவது பொருளில், பாதாளச் சாக்கடை இணைப்புக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் மாற்றம் ஏதுமில்லை. இதுபோன்ற பொருளை நான் எழுதாமலே விட்டுவிடுவது வழக்கம். 'மாற்றம் இல்லை' என்பதும் தகவல்தான். ஆனால் யாராவது போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னால்தான் அது தகவல். 'அலுவலகத்துக்கு 3-ஆம் தேதி நேரில் சென்று விசாரித்ததில், விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாகத் தெரிவிக்கப்பட்டதாகத் துணைச் செயலாளர் கூறினார்' என்றால் அதில் ஒரு நடை இருக்கிறது. வெறுமனே 'விண்ணப்பம் நிலுவையில் உள்ளது' என்றால் அவர் போனாரா, வீட்டிலிருந்தபடியே சொன்னாரா என்பது தெரியாது. ஒரே வரியில் முடித்துவிடலாம், அந்த ஒரு வரி இப்படி இருக்க வேண்டும்.

இத்தனையும் எழுதும் வேலையைப் பற்றியது. இதில் பாதியைக் கூட்டத்துக்கு முன்பே முடித்துவிடலாம் என்பதை அடுத்தடுத்த மாதங்களில் கண்டுகொண்டேன். முன்பெல்லாம் அஜெண்டாவில் 'லிப்ட்', 'தண்ணீர்', 'கணக்கு' என்று ஒற்றைச் சொல்லாகப் போடுவேன். இப்போது ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'தகவலுக்காக' அல்லது 'முடிவுக்காக' என்று போடுகிறேன். தகவல் தருபவரிடம் மூன்று நாள் முன்பே அரைப் பக்கத்தில் எழுதிக் கேட்டுவிடுகிறேன். முதலில் முகம் சுளித்தார்கள். வாயால் சொல்லிவிடலாமே, எதற்குத் தாள் என்றார்கள். ஆனால் எழுத உட்காரும்போதுதான் தங்களிடம் தேதி இல்லை, அறிக்கை இல்லை என்பது அவர்களுக்கே தெரிகிறது. கூட்டத்துக்கு முன் தேடி எடுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு பழக்கம், கூட்டம் கலைவதற்கு முன் இரண்டு நிமிடம் கேட்டு வாங்குவது. தகவல் கூட்டத்தில் பெரிய ஆபத்து, தீர்மானம் இல்லாதது அல்ல. தீர்மானம் ஒன்று யாருக்கும் தெரியாமல் நடந்துவிடுவது. 2025 ஆகஸ்ட் 10 கூட்டத்தின் பொருள்கள் எல்லாமே தகவலுக்காக வைத்தவைதான். முடிவில் நான் எழுந்து, "எந்தப் பொருளிலும் முடிவு எடுக்கலைன்னு எழுதிக்கட்டுமா, சார்?" என்று தலைவரிடம் கேட்டேன். தலைவர் சரி என்று சொல்ல வாயெடுத்தார். பக்கத்திலிருந்த உறுப்பினர், "இருங்க. காலையில ஏழு மணிக்கு முன்னாடி தண்ணி லாரியை உள்ளே விட வேண்டாம்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லச் சொன்னீங்களே, அது என்ன?" என்றார்.

அது முடிவுதான். தண்ணீர்க் கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, லாரிச் சத்தத்தால் தூக்கம் கெடுகிறது என்று ஒருவர் சொல்ல, நாளையிலிருந்து அப்படிச் செய்துவிடலாம் என்று தலைவர் சொல்ல, நாலு தலைகள் ஆடின. அடுத்த நாளிலிருந்து வாட்ச்மேன் லாரியைத் திருப்பி அனுப்பியிருப்பார். ஏழு மணிக்குத் தண்ணீர் வராமல் போன வீட்டுக்காரர், யார் முடிவெடுத்தது என்று கேட்டிருப்பார். நோட்டில் 'தீர்மானம் ஏதும் இல்லை' என்று இருந்திருக்கும். நான் கேட்டதனால் தலைவர் அதை முறையாக எடுத்துக்கொண்டார். முடிவெடுக்கும் பொருளாக அஜெண்டாவில் இல்லாததால் அடுத்த கூட்டத்துக்கு வைக்கலாம், அதுவரை வாட்ச்மேனிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அதையும் அப்படியே எழுதினேன். தண்ணீர்க் கணக்குத் தகவலாகவே நின்றது. லாரி நேரம் செப்டம்பருக்குப் போனது.

இதற்கு நேர்மாறான சபலமும் உண்டு. குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும்போதே, கூட்டத்துக்குப் பிறகு நடந்தது தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், செவ்வாய்க்கிழமை கொட்டேஷன் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 'கொட்டேஷன் பெறப்பட்டுள்ளது' என்று ஞாயிறு குறிப்பில் சேர்த்துவிட்டால் பக்கம் நிறைவாகத் தெரியும். அதைச் செய்யவே கூடாது. கூட்டம் முடிந்த நிமிடத்தில் குழுவுக்குத் தெரிந்தது எதுவோ அதுதான் அந்தக் குறிப்பில் இருக்கலாம். செவ்வாய் வந்தது அடுத்த கூட்டத்தின் தகவல். இந்தச் சபலத்துக்கு இடம் கொடுக்காமல் இருக்க ஒரே வழி, சீக்கிரம் எழுதிவிடுவது. கம்பெனிகளுக்கு இதில் கண்டிப்பான கெடு உண்டு. வரைவை 15 நாளுக்குள் இயக்குநர்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் 7 நாளுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். 30 நாளுக்குள் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும். எங்களைப் போன்ற சங்கத்துக்கு அந்தக் கெடு பொருந்தாது. நான் மூன்று நாள் என்று எனக்கு நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். டைரியில் உள்ள அரைகுறைச் சொற்களின் பொருள் அதற்குமேல் எனக்கே மறந்துவிடுகிறது.

ஆகஸ்ட் குறிப்பின் வரைவை மூன்றாம் மாடிக்கு எடுத்துப் போனேன். கூடிய நேரம் காலை 10.35, முடிந்த நேரம் 11.40, வந்தவர்கள் ஒன்பது பேரில் ஆறு பேர், குறைந்தபட்ச எண்ணிக்கை ஐந்து என்று தொடங்கி, ஜூலைக் குறிப்பை உறுதிசெய்ததைத் தவிர வேறு தீர்மானம் எதுவும் நிறைவேற்றப்படவில்லை என்று முடித்திருந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார். ஒரே ஓர் இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். 'உறுப்பினர்கள் பொருளாளரின் உழைப்பைப் பாராட்டினர்' என்று எழுதியிருந்தேன். "பாராட்டினாங்களா?" என்றார். கூட்டத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. பொருளாளர் நிஜமாகவே நன்றாக உழைத்திருந்தார் என்பதால் நானே சேர்த்தது. அந்த வரியை எடுத்துவிட்டேன். பொருளாளரிடம் நேரில் சொன்னேன்.

நோட்டில் ஏற்றியபோது ஒன்றே கால் பக்கம் வந்தது. இரண்டாம் பக்கத்தில் முக்கால் பாகம் வெள்ளையாக மிஞ்சியது. முன்பெல்லாம் அந்த வெள்ளையைப் பார்த்தால் ஏதாவது எழுதி இறக்கிவிடத் தோன்றும். குறிப்பின் கடைசி வரிக்கும் தலைவர் கையெழுத்துக்கும் நடுவில் வெற்றிடம் இருந்தால் கோடு போட்டு அடைத்துவிட வேண்டும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். பிறகு யாரும் அங்கே எதையும் சேர்க்க முடியாது. ஸ்கேலை வைத்து மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு ஒரு கோடு இழுத்தேன். அதற்கடியில் தலைவர் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினார்.